ஐந்து மீட்டர் தண்ணீர்

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கிள்ளான் ஆற்றில் நட்ட அளவுப் பலகையைத் தினமும் காலை ஏழுக்குப் படித்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. இரண்டு மீட்டரிலேயே கிடந்த ஆறு திங்களன்று ஐந்தில் நின்றது. பனிமூட்டத்தில் பலகையே மிதப்பது போலிருந்தது. என் கண்ணையே நான் நம்பவில்லை. ஆனாலும் எழுதினேன்.

வெள்ளியன்று குமாஸ்தா பரஞ்சோதி அந்த ஐந்தைச் சிவப்பில் வட்டமிட்டார்.

“சன்னாசி அண்ணே, இங்க மழையே இல்ல லா. தப்பா எழுதினா வேலை போயிடும்.”

“மேல மலையில பேஞ்சிருக்கும். கை தவறினா மறுநாளே இரண்டுக்குத் திரும்பியிருக்கணும். நாலு, மூணு, இரண்டரைன்னு இறங்கியிருக்கு, பாருங்க.”

“அதுவும் நீங்க எழுதினதுதானே?”

பதிவேட்டோடு அவரை ஆற்றுக்கே இழுத்துப் போனேன். பலகையில் ஐந்துக்குச் சற்று மேலே சேற்றுக் கோடு காய்ந்திருந்தது. அதையே பார்த்து நின்றவர், சிவப்பு வட்டத்தின் பக்கத்தில் ‘சரி’ என்று எழுதினார்.