தொண்ணூற்றொன்பதுக்கு யார் சாட்சி

விற்பனையாளர் பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் புள்ளியியல் ஆசிரியை அவருக்குத் தொண்ணூற்றொன்பது என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டாள். அந்த எண்ணை அவர் அதற்குள் ஆறு தடவை சொல்லியிருந்தார். மாணவர் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளாம், தொண்ணூற்றொன்பது சதவீதம் துல்லியமாம். கேட்கிறவன் கேனையன் என்றால் எருமை மாடு ஏரோப்ளேன் ஓட்டும்.

முதல்வர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு வாரம் இலவசமாக ஓட்டிப் பார்த்ததில் முந்நூறு கட்டுரைகளில் நாற்பத்திரண்டு பிடிபட்டிருந்தன. அதில் ஒன்று வேதியியல் ஆய்வகத் தரவுகளை வைத்து ஆசிரியையிடம் ஆய்வு செய்யும் இறுதியாண்டு மாணவியுடையது. அதற்கு மென்பொருள் போட்ட எண் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. இன்று மென்பொருளை வாங்கக் கையெழுத்தானால், அவளுடைய ஆய்வறிக்கை நேராக ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். அவள் பட்டமும் அதோடு நிற்கும்.

"ஒரு சந்தேகம்," என்றாள் ஆசிரியை. "இந்த தொண்ணூத்தொண்ணு எதோட அளவு? கட்டுரையில அவ்வளவு பங்கு இயந்திரம் எழுதினதா, இல்ல இயந்திரம் எழுதியிருக்க அவ்வளவு வாய்ப்பா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

ஒன்றில்லை. அவள் முதலாமாண்டு மாணவர்களுக்கு முதல் மாதமே சொல்லிக்கொடுக்கும் வித்தியாசம் அது. பக்கத்தில் இருந்த வேதியியல் துறைத்தலைவர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார்.

"சரி, தொண்ணூத்தொம்பதுன்னு எதை வச்சு சொல்றீங்க? எத்தனை கட்டுரை, யார் எழுதினது, சோதிச்சது யாரு?"

"எங்க ஆய்வுக்குழு மேடம். பத்தாயிரம் கட்டுரை. மனுஷங்க எழுதினது எல்லாம் நல்ல தரமான செய்தித்தாள் கட்டுரைங்க."

"எங்க பிள்ளைங்க செய்தித்தாளா எழுதுறாங்க? ஆய்வகக் குறிப்பு எழுதுறாங்க, அதுவும் வீட்டுல பேசாத மொழியில. அப்படி எழுதினதுல எத்தனை தப்பா பிடிச்சுதுன்னு தனியா கணக்கு இருக்கா? வெளியாட்கள் யாராவது சோதிச்சிருக்காங்களா?"

"கேட்டுச் சொல்றேன் மேடம். ஆனா உங்க காலேஜ்லயே நாப்பத்திரண்டு பிடிச்சிருக்கே. அதுக்கு மேல என்ன ஆதாரம்?"

"அந்த நாப்பத்திரண்டும் இயந்திரம் எழுதினதுன்னு எப்படித் தெரியும்?"

"மென்பொருள் சொல்லுதே மேடம்."

வேலிக்கு ஓணான் சாட்சி. முதல்வர், ஏதோ ஆழமான உண்மையைக் கேட்டவர்போல் மறுபடி தலையாட்டினார்.

அவள் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தாள். வேதியியல் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வகக் கையேட்டில் இருக்கும் மாதிரி வாக்கியங்களில் அளவையும் பொருளையும் மட்டும் மாற்றிச் செய்முறையை எழுத வேண்டும். வாக்கியத்தை மாற்றினால் மதிப்பெண் போகும். துறைத்தலைவர் பழைய அறிக்கை எதையும் அழித்ததில்லை. காலையில் அவரிடம் கெஞ்சி வாங்கியவை இவை.

"பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின அறுபது அறிக்கை. இந்த மாதிரி எழுதுற இயந்திரமே அப்ப கிடையாது. இப்பவே ஓட்டிக் காட்டுங்க, அதே அளவுகோல்ல."

"இது முறையான சோதனை இல்ல மேடம்."

"உங்களுடையது முறைன்னா, இதுவும் முறைதான்," என்றார் வேதியியல் துறைத்தலைவர்.

ஒன்பது, இயந்திரம் எழுதியவை என்று சிவப்பாக வந்தன. அறுபதுக்கு ஒன்பது.

"எல்லாரும் ஒரே மாதிரி எழுதினா மென்பொருள் குழம்பும் மேடம்," என்றார் விற்பனையாளர்.

"அப்படி எழுதத்தான் நாங்க சொல்லிக்கொடுக்கிறோம். என் மாணவி வேலை செஞ்சதும் அதே ஆய்வகத்துலதான், அவ அறிக்கையில பாதிப் பக்கம் செய்முறை."

முதல்வர் தொண்டையைச் செருமினார். "வாங்கிட்டு, எச்சரிக்கைக்கு மட்டும் வச்சுக்கலாமே."

"எச்சரிக்கையை யார் சார் எச்சரிக்கையா படிப்பாங்க? நீங்க அந்தப் பொண்ணு அறிக்கையை நிறுத்தி வச்சிட்டீங்க. அதுக்கு இந்த எண்ணைத் தவிர என்ன காரணம்?"

அவரிடம் வேறு காரணம் இல்லை. அவள் கேட்ட கணக்குகள் வந்து, கல்லூரியின் பழைய கட்டுரைகளிலேயே சோதித்த பிறகுதான் முடிவு; அதுவரை இந்த எண்ணை வைத்து யார் மேலும் நடவடிக்கை இல்லை. கூட்டக் குறிப்பில் அப்படி எழுதச்சொல்லி, எழுதியதைத் திரும்ப வாசிக்கவும் சொன்னாள். முதல்வர் எரிச்சலோடு கையெழுத்திட்டார்.

மாணவி படிக்கட்டுக்கு அருகே காத்திருந்தாள். நகத்தை எல்லாம் கடித்திருந்தாள்.

"உன் அறிக்கையை விடுவிச்சுட்டாங்க. குழுவுக்குப் போகாது."

மாணவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "மேடம், முந்தாநாள் ஏன் என்கிட்ட மூணாம் அத்தியாயத்தை வாய்விட்டு விளக்கச் சொன்னீங்க? ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லையே."

கூட்ட அறைக்குள் ஆசிரியை விற்பனையாளரை நன்றாகத்தான் ஏளனம் செய்துகொண்டிருந்தாள். ஆனால் அந்தத் தொண்ணூற்றொன்றை முதலில் திரையில் பார்த்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி 'யார் சோதித்தது' அல்ல. 'இவளா இப்படி' என்பது. இருபது வருஷம் நிகழ்தகவு நடத்தியவள். இரண்டு நாள் இந்தப் பெண்ணின் முகத்தில் திருட்டைத் தேடியிருந்தாள்.

"சந்தேகப்பட்டேன்," என்றாள்.

மாணவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே அந்த விற்பனையாளரை ஆசிரியை பார்த்த அதே பார்வை.

"சரி மேடம்," என்று படியிறங்கிப் போனாள்.