நாக்கில் தங்கிவிட்ட பி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தது நான்தான். வேறு யார் தலையிலாவது பழியைப் போட வழி இருந்திருந்தால் எப்போதோ போட்டிருப்பேன்.

பதினோரு வருஷமாக ஒரு ஸ்பெல்லிங் கோச்சிங் சென்டரில் டீச்சராக இருக்கிறேன். இரும்புக் கடைக்கு மேல் மாடி. ஏசி போடுகிறோம் என்று ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தார்கள். ஏசி ரிப்பேராகி மூன்று வருஷம் ஆகிறது, பலகையை மட்டும் எவரும் எடுக்கவில்லை. சேர்ந்த புதிதில் பிள்ளைகள் நாலெட்ஜ் என்றால் 'என்'னில் ஆரம்பிப்பார்கள். நிமோனியாவுக்கும் 'என்'. சைக்காலஜிக்கு 'எஸ்'. சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போய் ஒரு நாள் கத்தினேன்: "வாயில வராத எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்க பார்ப்போம்! க்நொவ்-லெட்-கே! ப்நெ-யு-மோ-நியா! ப்ஸி-ச்சோ-லோ-கி!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எழுதினார்கள். ஒருத்தர் விடாமல் எல்லோரும் சரி.

அன்றைக்கே என் வாயைத் தைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். எங்கள் டைரக்டர் கதவோரம் நின்று கேட்டுவிட்டார். அடுத்த மாதமே வாசலில் போர்டு வந்துவிட்டது: 'எங்களிடம் எந்த எழுத்தும் ஊமை இல்லை.' ஒரு நாளைக்கு ஆறு பேட்ச். ஒவ்வொரு பேட்ச்சிலும் டிக்டேஷன். நான் ராகம் போட்டுச் சொல்ல, அவர்கள் ராகம் போட்டு எழுத, கீழே இரும்புக் கடையில் கம்பி வெட்டுகிறவர்கள்கூட இப்போது ப்ஸிச்சோலோகி என்று பாடுகிறார்கள்.

விளையாட்டாகத்தான் இருந்தது, என்னிடம் படித்த ஒரு பெண் போன வருஷம் வந்து அழுகிற வரைக்கும். காலேஜ் அட்மிஷன் ஹாலில் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். எழுந்து நின்று, "ப்ஸிச்சோலோகி" என்றிருக்கிறாள். மொத்த ஹாலும் சிரித்திருக்கிறது. "மிஸ், எனக்குத் தெரியும் மிஸ், வாய் தானா சொல்லிடுச்சு" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். அன்று எனக்கு அந்த அறையில் மூச்சே முட்டியது. அந்தப் பலகையைப் பெயர்த்து எறிந்துவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

ஓடுவதற்கும் ஓர் இடம் வேண்டுமே. ஊரின் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர் வேலைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்ததும் விண்ணப்பம் போட்டேன். நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. எனக்கு நாற்பது முடிய இரண்டு மாதம் பாக்கி. இதை விட்டால் காலம் முழுக்க இரும்புக் கடை மாடிதான். பல் பிடுங்க வேண்டும் என்று டைரக்டரிடம் பொய் சொல்லி ஒரு நாள் லீவு வாங்கினேன்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். ஒரு வாரமாக அவருக்கு முன்னால் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்துப் பழகினேன்.

"நிமோனியா," என்றேன், ஒவ்வோர் எழுத்தாக மிதித்து.

"சரி. இப்ப வேகமா."

"நிமோனியா, நாலெட்ஜ், சைக்காலஜி."

"பரவாயில்லையே! எங்க டாக்டரே இவ்வளவு சுத்தமா சொல்லமாட்டாரு." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "எதுக்கும்மா இப்படி நடுங்குற? உனக்குத் தெரியாததையா கேட்கப் போறாங்க?"

"தெரியாதது வந்தா பயமில்லைங்க. தெரிஞ்சதுதான் பயமா இருக்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. படுத்துக் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் மாதிரிப் பாடம் எடுத்துக் காட்டச் சொல்லி ஏழாம் வகுப்பைக் கொடுத்தார்கள். நாற்பது பிள்ளைகள். கடைசி பெஞ்சில் ஹெட்மிஸ்ட்ரஸும் இரண்டு சீனியர் டீச்சர்களும். அந்த வகுப்பில் நாலு பெரிய ஜன்னல், நாலும் திறந்து கிடந்தன. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி தெம்பு வந்துவிட்டது. பாடம், பேசாத எழுத்துகள். என்னைச் சோதிக்க வேண்டும் என்றே வைத்த மாதிரி.

போர்டில் மூன்று வார்த்தையும் எழுதிச் சரியாகப் படித்துக் காட்டினேன். நாலெட்ஜ். நிமோனியா. சைக்காலஜி. ஒரு பிசிறில்லை. முன் பெஞ்சில் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"மிஸ், சொல்லவே போறதில்லைன்னா அந்த எழுத்து எதுக்கு மிஸ்? எடுத்துட வேண்டியதுதானே?"

நான் காத்திருந்த கேள்வி இதுதான்.

"சரி, நீ வீட்டுக்குப் போறப்ப அம்மாகிட்ட போன்ல என்ன சொல்லுவ?"

"வந்துட்டிருக்கேன்னு சொல்லுவேன் மிஸ்."

"தமிழ்ப் பரீட்சையில?"

"வந்துகொண்டிருக்கிறேன்னு எழுதுவேன்."

"நடுவுல இருந்த எழுத்தெல்லாம் எங்கே போச்சு?"

"முழுங்கிட்டோம் மிஸ்!" என்றது வகுப்பு.

"அதேதான். நாலெட்ஜ்ல இருக்கிற 'கே'யை ரொம்ப காலம் முன்னாடி இங்கிலீஷ்காரங்க நிஜமாவே வாய் விட்டுச் சொன்னாங்க. அப்புறம் அச்சு வந்துச்சு. புத்தகம் பெருகப் பெருக, இந்த வார்த்தையை இப்படித்தான் எழுதணும்னு மெல்ல மெல்ல நிலைச்சுப்போச்சு. எழுத்து நின்னுடுச்சு, வாய் நிக்கலை. ஒரு முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி 'கே'யை முழுங்கிடுச்சு. ஜெர்மன்காரங்க அப்படி ஆரம்பிக்கிற வார்த்தைகள்ல இன்னைக்கும் அதைச் சொல்றாங்க."

"அப்ப 'பி' மிஸ்?"

"அது வேற கதை. நிமோனியாவும் சைக்காலஜியும் கிரேக்க வார்த்தையில இருந்து வந்ததுங்க. ஒண்ணு நுரையீரல், இன்னொண்ணு மனசு. கிரேக்கர்கள் அந்த 'பி'யைச் சொன்னாங்க. இங்கிலீஷ்காரங்க வாய்க்கு வார்த்தை ஆரம்பத்துல அப்படி ரெண்டு சத்தம் சேர்ந்து வர்றது பழக்கமில்லை. அதனால சொல்றப்ப விட்டுட்டாங்க. எழுதுறப்ப விடலை. ஏன்னா அந்த 'பி'தான் வார்த்தை எந்த வீட்டுலேர்ந்து வந்துச்சுன்னு சொல்லுது. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற நோய்க்கு ஆப்னியான்னு பேரு. எங்க வீட்டுல ஒருத்தர் குறட்டை விடுறதைக் கேட்டா எனக்கு அந்தச் சந்தேகம்தான் வரும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் ஹெட்மிஸ்ட்ரஸும் சிரித்தார்.

"அதுவும் மூச்சைப் பத்தின கிரேக்க வார்த்தைதான். அங்கே 'பி' நல்லா கேட்குது பாருங்க. ஆப்-னியா. முன்னாடி சாஞ்சுக்க ஒரு 'ஏ' கிடைச்சதும் அதுக்கு வாய் வந்துடுச்சு. எழுத்தை எடுத்துட்டா இதெல்லாம் சொந்தம்னு எப்படித் தெரியும்? 'நோ'ன்னு இல்லைங்கிறதுக்கும் 'நோ'ன்னு தெரிஞ்சுக்கிறதுக்கும் எழுத்துல என்ன வித்தியாசம் இருக்கும்? எல்லாத்துக்கும் மேல, உலகத்துல அச்சடிச்ச அத்தனை புத்தகத்தையும் யாரு திருத்துறது?"

"ஐயோ, நாங்க மாட்டோம் மிஸ்!"

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை வருஷமாக இதையெல்லாம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பஜனை பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். இதுதான் நான், இதற்குத்தான் படித்தேன் என்று தோன்றியது. வேலை கிடைத்த மாதிரிதான்.

ஹெட்மிஸ்ட்ரஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம். அஞ்சு நிமிஷம் இருக்கு. ஒரு பத்து வார்த்தை டிக்டேஷன் கொடுத்து முடிச்சுடுங்களேன்."

"தாராளமா" என்றேன்.

நோட்டைத் திறந்தார்கள். நான் போர்டை அழித்துவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தேன், கையைப் பின்னால் கட்டினேன், வரிசைகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தேன். டிக்டேஷன் என்றால் நான் நடப்பேன். பத்து வார்த்தையும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுதினார்கள். குறட்டை ஜோக்கை நினைத்துச் சிரிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நோட்டை மாற்றித் திருத்தச் சொன்னால் நாற்பது பேரும் பத்துக்குப் பத்து. பெருமையாகக் கடைசி பெஞ்சைப் பார்த்தேன்.

சீனியர் டீச்சர் ஒருவர் வாயைக் கர்ச்சீப்பால் பொத்திக்கொண்டிருந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் பேனாவை மூடி மேசைமேல் வைத்திருந்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். வராண்டா முழுக்க ஒரே கோரஸ்: "ப்நெ-யு-மோ-நியா! க்நொவ்-லெட்-கே! வெட்-நெஸ்-டே!"

அது என் ராகம். ராகம் மாறாமல் என் குரலே நாற்பது வாயில் போய்க்கொண்டிருந்தது. பத்தையும் அப்படியேதான் சொல்லியிருக்கிறேன். என் காதே எனக்குச் சொல்லவில்லை, பாவி.

ஹெட்மிஸ்ட்ரஸ் நல்ல மனுஷி. தன் அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க விளக்கம் மாதிரி நான் கேட்டதே இல்லை, மேடம். ஆனா எங்க பசங்க வீட்டுல இங்கிலீஷ் கேட்கிறதில்லை. டீச்சர் வாயில வர்றதுதான் அவங்களுக்கு இங்கிலீஷ். தினமும் உங்களைக் கேட்டா..."

"சரி பண்ணிக்குவேன் மேடம். ஒரு மாசம் டைம் கொடுங்க" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"பதினோரு வருஷப் பழக்கம் மேடம்." பிறகு முகம் மலர்ந்தது. "ஆனா ஒண்ணு. இந்த வகுப்புல பாதிப் பேரு டிக்டேஷன்ல பெயில். இன்னைக்கு நாற்பது பேரும் சரி. உங்க சென்டர்லேர்ந்து சனிக்கிழமை சனிக்கிழமை வந்து எடுக்கிறீங்களா? நானே உங்க டைரக்டர்கிட்ட பேசிடுறேன்."

வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

டைரக்டர் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் எழுந்து வந்து வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "பல்லுன்னு சொல்லிட்டு ஒரு பள்ளிக்கூடத்தையே பிடுங்கிட்டு வந்திருக்கீங்களே! உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?" அவர் திட்டியிருந்தால் அழுதுவிட்டு வேலையை விட்டிருப்பேன். இப்போது அதற்கும் வழியில்லை.

சனிக்கிழமை அதே வகுப்புக்குப் போனேன். ஒரு வைராக்கியத்தோடுதான் போனேன். கையைப் பின்னால் கட்டவில்லை, நடக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்று, ஒவ்வோர் எழுத்தாக மிதித்து, "நாலெட்ஜ்" என்றேன்.

பாதிப் பேர் 'என்'னில் ஆரம்பித்தார்கள்.

"நிமோனியா" என்றேன். அதற்கும் 'என்'. அடித்துத் திருத்திக்கொண்டே ஒருத்தி நிமிர்ந்தாள்.

"மிஸ், இப்படிச் சொன்னா வரமாட்டேங்குது மிஸ். அன்னைக்குச் சொன்னீங்களே, அந்த மாதிரி சொல்லுங்க மிஸ்."

"ஆமா மிஸ், அந்த மாதிரி!" என்றார்கள் எல்லோரும். கதவோரம் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து நின்று, சொல்லுங்கள் என்பதுபோல் தலையை அசைத்தார்.

சொன்னேன். நாற்பது பேரும் சரியாக எழுதினார்கள்.