காணாமல் போன மாதம்

என் தகப்பனார் பெயரில் நடக்கும் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி எங்களுடையது. ஊரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் லிஃப்டுகளைத் தொடக்கத்திலிருந்தே நாங்கள்தான் பார்த்து வந்தோம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னதும், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நானே போனேன். கம்பெனியின் கம்ப்யூட்டர் கணக்கைப் பார்க்கும் என் இளைய மகன் சின்னவனும் பின்னால் வந்தான்.

ஆஸ்பத்திரியின் பராமரிப்பு இன்ஜினியர் லிஃப்ட் அறையில் தொங்கிய பதிவு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஐயா, மாசாமாசம் ஒண்ணாம் தேதி செக்கிங். ஒரு மாசத்துக்குக் கையெழுத்தே இல்ல. தணிக்கைக்காரங்க கேக்குறாங்க."

"இருக்காது. எங்க கம்ப்யூட்டர்ல ஒரு வேலைகூட பாக்கி இல்ல."

"பாக்கி எப்படிக் காட்டும்? அடுத்த தேதியை எதுலேருந்து எண்ணுது?"

சின்னவன் தொண்டையைச் செருமினான். "வேலை முடிச்ச நாள்லேருந்து சார். ஆயில் மாத்துறதுக்கு அப்படித்தானே வைக்கணும்? புது ஆயில் ஊத்துன நாள்லேருந்துதானே அதோட ஆயுசு. எல்லாத்துக்கும் அப்படியே வச்சுட்டேன்."

"ஆயிலுக்குச் சரி தம்பி. செக்கிங்குக்குக் குறிச்ச தேதிலேருந்துல்ல எண்ணணும்? ஒண்ணாம் தேதி வரவேண்டியவங்க நாலாம் தேதி வந்தா, அடுத்த மாசம் நாலாம் தேதின்னு காட்டும். அதுக்கும் மூணு நாள் பிந்தினா ஏழு. இப்படியே நகர்ந்து நகர்ந்து ஒரு மாசத்தையே முழுங்கிடுச்சு. உங்க கணக்குல சுத்தம். எங்க கணக்குல ஓட்டை."

நான் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். இன்ஜினியர் குரலைத் தணித்தார்.

"ஐயா, உங்க மேல மரியாதை இருக்கு. இது இவரோட கவனக்குறைவு, இனி இவர் பொறுப்புல இல்லன்னு எழுதிக் குடுங்க. மேலே பேசிப் பாக்குறேன்."

"எழுதிக் குடுங்கப்பா, நான் ஒதுங்கிக்கிறேன்" என்றான் சின்னவன்.

"வாயை மூடுடா" என்றேன். பிறகு இன்ஜினியரைப் பார்த்துச் சொன்னேன்: "பிந்திப் போனது எங்க ஆளுங்க. தேதியை வச்சது எங்க கம்பெனி. வாசல்ல எங்கப்பா பேர்தான் இருக்கு, என் பையன் பேர் இல்ல. பிள்ளையைக் காட்டிக்கொடுத்து வேலை வாங்குற குடும்பம் இல்லைங்க இது."

"அப்ப என் கையில ஒண்ணும் இல்ல ஐயா."

ஆபீசுக்குத் திரும்பியதும் சின்னவன் செக்கிங் வேலைகளை எல்லாம் குறித்த தேதியிலிருந்து எண்ணும்படி மாற்றினான். நகர்ந்து கிடந்த தேதிகளை ஒவ்வொன்றாக ஒண்ணாம் தேதிக்கு இழுத்தான். திரையில் ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்கு எதிரிலும் 'தவறியது' என்று வந்துகொண்டே இருந்தது. அடுக்குமாடி வீடுகள், துணிக்கடை, ஹோட்டல். பாதிக்கு மேல் அதே நிலைமை.

ஒல்லி என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் மெக்கானிக் எட்டிப் பார்த்தான். "இதெல்லாம் இவங்க கண்ணுல எப்ப படும் முதலாளி?"

"அவங்க அட்டையைப் புரட்டும்போது."

"முதல்ல எங்க போகட்டும்?"

நான் திரையில் 'தவறியது' வரிகளை மேலிருந்து எண்ணத் தொடங்கினேன். சின்னவன் அடுத்த பெயருக்குப் போனான்.