எட்டாவது பதத்தில் ஒரு வெட்டு

நிரந்தர வேலைக்கான தேர்வுக் குழுவில் மைனஸ் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்ததுமே அவளுக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. வேறொரு கல்லூரிக் கணிதப் பேராசிரியர் அவர். கால்குலஸ் பாடநூல் அவர் எழுதியது, பல்கலைக்கழகத் தேர்வுக்குக் கேள்வித்தாள் அவர் எடுப்பது, விடைத்தாள் திருத்துவதும் அவர்தான். அவர் பேனாவிலிருந்து பிளஸ் வந்ததைப் பார்த்த ஆள் கிடையாது என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. ஆசிரியர்களும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வார்கள்.

பன்னிரண்டு வருஷமாக அந்தக் கல்லூரியில் அவள் ஒப்பந்த விரிவுரையாளர். வருஷா வருஷம் ஜூனில் புதுசாகக் கையெழுத்துப் போட வேண்டும். நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்க வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. "இன்னும் பெர்மனன்ட் ஆகலையா அண்ணி?" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் நாலு பேர் காதில் விழும்படி கேட்கும் நாத்தனாரின் வாயை அடைக்கவும் இதுதான் கடைசி வாய்ப்பு. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்று கணவர் காலையில் மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார்.

பதினைந்து நிமிட மாதிரி வகுப்பு. சீட்டு எடுத்ததில் வந்த தலைப்பு: தொடர்களிலிருந்து eⁱˣ = cos x + i sin x என்று காட்டுவது. எதிரே பெஞ்சுகளில் அவளுடைய முதலாண்டு மாணவர்களே இருபது பேர். கடைசி பெஞ்சில் மைனஸும் துறைத் தலைவியும்.

தலைப்பைப் பலகையில் எழுதிவிட்டு அவள் வாயைத் திறப்பதற்குள் மைனஸ் ஆரம்பித்துவிட்டார். கையெழுத்து ஏன் இவ்வளவு சின்னது, இதெல்லாம் பன்னிரண்டு வருஷ அனுபவமா என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பெரிதாக எழுதினாள்.

eˣ = 1 + x + x²/2! + x³/3! + …

e-யை i தடவை பெருக்குவது என்றால் யாருக்கும் அர்த்தம் புரியாது, ஆகவே அர்த்தத்தைத் தொடரிடமே கேட்போம் என்றாள். x இருக்கும் இடத்தில் ix-ஐப் போடுகிறோம். அந்தத் தொடர் போய்ச் சேரும் எண்தான் eⁱˣ. i-யின் அடுக்குகள் i, −1, −i, 1 என்று நாலுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வரும். அதைப் போட்டதும் பலகையில் இப்படி விரிந்தது:

1 + ix − x²/2! − ix³/3! + x⁴/4! + ix⁵/5! − x⁶/6! − ix⁷/7! + …

i ஒட்டாத பதங்களை ஒரு பக்கமும் ஒட்டியவற்றை மறுபக்கமும் சேர்த்தால் ஒன்று cos x-இன் தொடர், இன்னொன்று sin x-இன் தொடர். முடிந்தது. அவளுக்கே மூச்சு திரும்பி வந்தது.

அப்போதுதான் சுருட்டை எழுந்தாள். சுருட்டை முடி என்பதால் வகுப்பே வைத்த பெயர். நன்றாகப் படிக்கிற பெண், மனசில் பட்டதைக் கேட்டுவிடுவாள். போன மாதம் 1 − 1/2 + 1/3 − 1/4 … தொடரில் பதங்களை இடம் மாற்றினால் கூட்டுத்தொகையே மாறிப்போகும் என்று நீங்களே காட்டினீர்களே, இங்கே மட்டும் எப்படி இஷ்டத்துக்குப் பிரித்து அடுக்கலாம் என்று கேட்டாள்.

மைனஸ் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாக ஒரு சந்தோஷம் தெரிந்தது. "கேக்குறால்ல? பதில் சொல்லுங்க."

அவர் எதிர்பார்க்கும் பதில் அவளுக்கு மனப்பாடம். அவர் புத்தகத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது: அப்சொல்யூட் கன்வர்ஜன்ஸ். பதங்களின் அளவை மட்டும் எடுத்துக் கூட்டினாலும் தொடர் ஓர் எண்ணில் போய் நிற்கிறது, ஆகவே எப்படி மாற்றி அடுக்கினாலும் தொகை மாறாது என்ற தேற்றம். அதன் நிரூபணம் அந்தப் பெஞ்சுகளில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். சுருட்டையின் முகம் சும்மா எழுதிக்கொள்ளப் போகிற முகமாக இல்லை.

அவள் பலகையில் எட்டாவது பதத்துக்குப் பிறகு ஒரு கோடு இழுத்தாள். "இங்க வெட்டு. இப்ப எத்தனை பதம்?"

"எட்டு மேடம்."

எட்டுப் பதத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக் கூட்டலாம், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம் என்று சொல்லி எழுதினாள்.

(1 − x²/2! + x⁴/4! − x⁶/6!) + i (x − x³/3! + x⁵/5! − x⁷/7!)

எங்கே வெட்டினாலும் இதே கதைதான். முதல் அடைப்பில் இருப்பது cos தொடரின் ஒரு துண்டு, இரண்டாவதில் sin தொடரின் துண்டு. வெட்டைத் தள்ளிக்கொண்டே போனால் முதலாவது cos x-க்கும் இரண்டாவது sin x-க்கும் போய்ச் சேரும், அது ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆகவே இரண்டும் சேர்ந்த முழுத் துண்டும் cos x + i sin x-க்குப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். முடிவில்லாத எதையும் நாம் இடம் மாற்றவே இல்லை.

சுருட்டையின் தலை மெதுவாக ஆடியது. கண்ணில் பளிச்சென்று ஒன்று தெரிந்தது.

"தப்பு" என்றார் மைனஸ். கடைசி பெஞ்சிலிருந்து நடந்து வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்றார். அப்சொல்யூட் கன்வர்ஜன்ஸ் இல்லாமல் இந்த நிரூபணம் நிற்காது, இது ஒப்பந்தக்காரர்களின் குறுக்கு வழி, கூலிக்கு மாரடிப்பவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்று மாணவர்கள் முன்னால் சொன்னார். அவளுக்குக் காது சூடானது.

பிறகு குரலைத் தணித்தார். "அந்தத் தேற்றம் கண்டிப்பா வேணும், தெரியாம விட்டுட்டேன்னு பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் இதைப் பெருசு பண்ணல."

துறைத் தலைவி பின்னாலிருந்து கண்ணாலேயே கெஞ்சினாள். சொல்லிவிட்டால் போதும். ஒரு வரி. நாத்தனார், கணவர், ஜூன் மாதம் எல்லாம் அவள் கண் முன்னால் வந்து நின்றன. சுருட்டை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தேற்றத்தாலயும் காட்டலாம் சார்" என்று அவள் மைனஸைப் பார்த்துச் சொன்னாள். "ஆனா வேணும்ங்கிற அவசியம் இல்ல. போட்டதுல தப்பு இல்ல."

மைனஸ் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பலகையைப் பார்த்தார். எட்டுப் பதத்தையும் பார்த்தார். ஓட்டை எதுவும் அகப்படவில்லை. அகப்படாத கோபத்தோடு மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

"மேடத்தோட குறுக்கு வழி யாருக்குப் புரிஞ்சுது? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. அவள் சுருட்டையைப் பார்த்தாள். சுருட்டை குனிந்து நோட்டின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்கல்ல" என்று துறைத் தலைவியிடம் சொல்லிவிட்டு, மதிப்பெண் தாளில் இரண்டே வினாடியில் எதையோ எழுதி மடித்தார். நீங்கள் போகலாம் என்றார். நிரந்தர வேலை கைநழுவிவிட்டது என்பதைத் தனியாக யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உன் கழுத்தை நீயே அறுத்துக்கிட்டே என்று துறைத் தலைவி வாசலில் முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

மாடிப்படியில் சுருட்டை எதிரே வந்ததும் அவளால் அடக்க முடியவில்லை. அவள் கோபம் மைனஸ் மேல்கூட இல்லை, இந்தப் பெண் மேல்தான்.

"உனக்குப் புரியல?"

"புரிஞ்சுது மேடம். நீங்க கோடு போட்டதுமே புரிஞ்சுது."

"அப்ப கை தூக்குறதுக்கு என்ன கேடு? உனக்காகத்தானே அந்த ஆள்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்?"

சுருட்டைக்குக் கண் கலங்கியது. ஆனால் பார்வையைத் தாழ்த்தவில்லை. "பேப்பர் திருத்துறது அவர் மேடம். அவர் புத்தகத்துல இருக்குற வரிய அப்படியே எழுதுங்க, சொந்த மூளைய ஹாஸ்டல்ல வச்சுட்டு வாங்கன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க."

சொன்னது அவள்தான். முதல் வாரமே சொல்வாள், சிரிக்கவும் வைப்பாள். பன்னிரண்டு வருஷமாக, ஒரு வகுப்பு விடாமல்.