பன்னிரண்டு நிமிடம்

வெண்மதியின் பெயரை மேற்பார்வையாளர் நீலகண்டன் உரக்கத்தான் சொன்னார். காரைக்காலில் மாடியொன்றில் இயங்கிய அந்த அலுவலகத்தில், மருத்துவக் காப்பீட்டுக் கோப்புகளைச் சரிபார்க்கும் அறுவரும் தலை நிமிர்ந்தார்கள்.

“ஒரு ஃபைலுக்குப் பதினெட்டு நிமிஷம்! மத்தவங்க பன்னெண்டுல முடிக்கிறாங்க. நீ அதைப் படிக்கிறியா, பாராயணம் பண்றியாம்மா?”

யாரோ சிரித்தார்கள். வெண்மதி சிரிக்கவில்லை. வரிச்சிக்குடியிலிருந்து பஸ்ஸேறி வரும் அந்தப் பெண்ணுக்கு வேலை நிரந்தரமாவது அன்று மாலைதான் முடிவாக வேண்டியிருந்தது. “மந்தம், தொடர வேண்டாம்” என்று நீலகண்டன் காலையிலேயே மேலாளர் ஜவஹர் அலிக்கு எழுதியனுப்பிவிட்டார்.

அவருக்கும் நெருக்கடி. மூன்று வாரங்களுக்கு முன் வரை வாரம் அறுநூறு கோப்புகள் வந்தன. கோப்புக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால் நூற்றிருபது மணி நேர வேலை. உணவு, தேநீர், கூட்டம், வெள்ளித் தொழுகை, விடுப்பு எல்லாம் கழித்து ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி என வைத்தார். ஆறு பேர், ஐந்து நாள்: கையிருப்பில் நூற்றெண்பது மணி. அறுபது மணி மிச்சம்! ஆளுக்கு தினமும் இரண்டு மணி அரட்டையில் கரைகிறது என்றே அவர் மனத்தில் குறித்துக்கொண்டார். அந்த மிச்சத்தை நம்பி, இன்னொரு மருத்துவமனையின் முந்நூறு கோப்புகளையும் வாரந்தோறும் ஏற்றார். மூன்றே வாரத்தில் தொள்ளாயிரம் கோப்புகள் தேங்கிக் கிடந்தன. துலாக்கோல்போல் நேராக நின்ற கணக்கு ஏன் சாய்ந்தது என்று தேடியவருக்குப் புதிய பெண்ணின் பதினெட்டே கண்ணில் பட்டது.

மதியம் ஹஃபீஸா அவர் மேசைக்கு வந்தாள். அந்தக் குழுவில் எல்லோரிலும் மூத்தவள்.

“சார், நேத்து நான் எத்தனை ஃபைல் முடிச்சேன்?”

“இருபது.”

“வெண்மதி?”

அவர் திரையைப் பார்த்தார். இருபது.

“அஜ்மீரைப் பாருங்க. அவரும் இருபதுதான். நாங்க பன்னெண்டு நிமிஷத்துல முடிச்சா முப்பது வந்திருக்கணுமே சார். மீதி நேரம் நாங்க என்ன, பீச்சுல சுண்டல் தின்னுட்டா வந்தோம்?”

நீலகண்டன் மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“போன வருஷம் ஞாபகம் இருக்கா? மெதுவா செய்றவங்க பேரை சிவப்பு மையில போர்டுல எழுதினீங்க. என் பேருதான் முதல்ல. அன்னையிலேர்ந்து ஃபைலை முழுசாப் படிச்சு முடிச்சுட்டுத்தான் டைமர் பட்டனைத் தட்டி ஓட விடுறோம். படிக்கவே ஆறு நிமிஷம் ஆவுதுல்ல? இந்தப் பொண்ணுக்கு அது தெரியாது. ஃபைலைத் திறந்ததும் தட்டிருது. ரூல்ல அப்படித்தானே இருக்கு!”

அறுநூறு கோப்பு, பதினெட்டு நிமிடம். நூற்றெண்பது மணி. ஒரு மணிகூட மிச்சமில்லை. அரட்டை என்று அவர் எண்ணிய இரண்டு மணி நேரமும் படித்த நேரம். இன்னும் முந்நூறு கோப்புகளுக்குத் தொண்ணூறு மணி தேவை. வாரத்துக்கு ஆளொன்றுக்கு முப்பது மணி எனில் மேலும் மூன்று பேர். இல்லாத மூவரின் வேலையை அவர் ஏற்று வந்திருக்கிறார். அந்தப் பழியை, மெய்யை எழுதிய ஒரே கைமீது போட்டிருக்கிறார்.

காலையில் நீறு பூசி, உண்மையை வேண்டித் தொழுதுவிட்டு வந்த நெற்றி அது. அதைக் கையால் மறைத்துக்கொண்டார்.

ஜவஹர் அலியின் அறைக்குள் போனவர் உட்காரவில்லை.

“கணக்கு தப்புங்க. நான் பயமுறுத்தினதால பொய் நிமிஷம் எழுதினாங்க. அதை வச்சு நான் வேலையை வாங்கினேன். புது மருத்துவமனை கோப்புகளை நிறுத்தணும், இல்லாட்டி மூணு பேரு வேணும். வெண்மதி பத்தி நான் எழுதினதைத் தயவுசெய்து எடுத்துடுங்க.”

“ஒத்துக்கிட்டு மூணு வாரத்துல திருப்புறதா? அந்த ஆஸ்பத்திரிக்காரங்க என்னைத்தானே கேப்பாங்க?” ஜவஹர் அலி கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தார். “வெண்மதியை நிறுத்துற லெட்டர் இன்னும் போகல. அது ஒண்ணுதான் நல்ல காலம். கோப்பு விஷயத்துக்கு நீங்களே அவங்களுக்கு போன் பண்ணுங்க. உங்க பேரைச் சொல்லியே பண்ணுங்க.”

“பண்றேன்.”

வெளியே வந்து, காலையில் நின்ற அதே இடத்தில் நின்றார். அறுவரும் இருந்தார்கள்.

“வெண்மதி எழுதினதுதான் சரியான நேரம். நான் அவங்களை இங்கேயே அவமானப்படுத்தினேன். இங்கேயே மன்னிப்புக் கேக்கிறேன். இனி எல்லாரும் ஃபைலைத் திறந்ததும் பட்டனைத் தட்டுங்க. பேரு போர்டுக்குப் போகாது.”

அஜ்மீர் மெல்லத் தொண்டையைச் செருமினான்.

வெண்மதி பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“இன்னைக்கும் இருபது முடிச்சுட்டேன் சார். பஸ் போயிடும், வரட்டுங்களா?”

“போயிட்டு வாங்கம்மா” என்றார் நீலகண்டன். அவளை ‘வாங்க’ என்று அவர் அழைத்தது அதுவே முதல்முறை.