கொம்பு வைத்த ஹெல்மெட்

கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கிப் பதினான்கு வருஷம் முதுகைத் தேய்த்தவரைத்தான் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவன் ஒரு சிடுமூஞ்சி. தப்பு என்று வாயைத் திறந்தாலே வள்ளென்று விழுவான். அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்பது நாலு பேருக்குத் தெரிந்தும் அவன் காதுக்குப் போகவில்லை. கடைசியில் ஒரு லோடுமேனின் கால் நசுங்கிப்போனது. அந்தக் காலைத் தூக்கிப் பிடித்தபடி ஆம்புலன்ஸ் வரை நடந்தவர் இவர்தான். நாற்காலி கைக்கு வந்த அன்று மனதுக்குள் ஒன்றே ஒன்றை முடிச்சுப் போட்டுக்கொண்டார்: இனி இந்தக் கொட்டகையில் எது கெட்டாலும், யாராவது அடிபடுவதற்கு முன்னால் அது தன் காதுக்கு வந்தாக வேண்டும்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி ஒரு பழைய ஹெல்மெட். இரண்டு பக்கமும் அட்டையில் கொம்பு செய்து ஒட்டினார். முதல் நாள் காலைக் கூட்டத்தில் அதைத் தானே தலையில் மாட்டிக்கொண்டு நின்றார்.

“நேத்து கூத்து என்னன்னா, ரெண்டாம் கதவுக்குப் போக வேண்டிய லாரிய மூணுக்கு அனுப்பிட்டேன். டிரைவர் முக்கா மணி நேரம் தூங்கிட்டு, எழுந்து வந்து ‘அண்ணே, ஊரு வந்திருச்சா’ங்கறாரு.”

கொட்டகை அதிரச் சிரித்தார்கள். ஒரு வாரம் அவர் தன் கோமாளித்தனத்தை மட்டும்தான் சொன்னார். எட்டாம் நாள் பேக்கிங் அக்கா முன்னால் வந்து, “குடுங்கண்ணே அந்தக் கொம்ப, நேத்து நான் அம்பது பெட்டிக்கு லேபிள் மாத்தி ஒட்டிட்டேன்” என்று வாங்கி மாட்டிக்கொண்டாள். லாரி கிளம்புவதற்குள் ஐம்பதையும் மாற்றினார்கள். அதன்பிறகு தினமும் யாராவது கை நீட்டினார்கள். சட்டம் ஒன்றுதான். அந்த ஹெல்மெட்டை அவரவர் கையால் எடுத்துத்தான் மாட்ட வேண்டும். ஒருவர் தலையில் இன்னொருவர் வைக்கக் கூடாது. இரண்டு வருஷம் ஒரு விரல்கூட நசுங்கவில்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சுருட்டை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தனியாகக் கூப்பிட்டான்.

“அண்ணே, ஊர் முன்னாடி சொல்ற விஷயமில்ல இது. ரேக்குல மேல் தட்டப் பாத்தா கண்ணு மங்குது. சரக்கு அடுக்குன பாலெட்ட எங்க வைக்கிறோம்னு சரியா தெரிய மாட்டேங்குது. டாக்டரப் பாத்துட்டேன். கண்ணாடி செவ்வாக்கிழம வருது.”

“அதுவரைக்கும் கீழ மட்டும் ஓட்டு. மேல்தட்டு வேலைய வேற ஆளுக்கு மாத்திடறேன். நீ வந்து சொன்னது நல்லதுப்பா.”

சொன்னபடியே செய்தார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

திங்கட்கிழமை பெரிய மேனேஜர் வந்தார். பளபளக்கும் ஷூ, கையில் ஒரு நோட்டு. காலைக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சூப்பர்வைசருக்குத் தலைகால் புரியவில்லை. தன் ஆட்கள் எவ்வளவு கலகலப்பு என்று காட்டிவிடும் ஆசை தொண்டைவரை வந்து நின்றது. ஆனால் மேனேஜரைப் பார்த்ததும் ஆட்கள் மரம்போல் நின்றார்கள். ஹெல்மெட்டுக்கு ஒரு கையும் நீளவில்லை. அந்த அமைதி அவரைச் சுட்டது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு நேராகப் போய்ச் சுருட்டையின் தலையில் கவிழ்த்தார்.

“நம்ம சுருட்டைக்குக் குடுப்போம் சார். இவனுக்கு மட்டும் ஒவ்வொரு தட்டும் ரெண்டு தட்டாத் தெரியும். எதுல வைக்கிறதுன்னு இங்கி பிங்கி போட்டுப் பாத்துதான் வைப்பான்!”

சிரித்தார்கள். பெரிய மேனேஜரும் சிரித்தார். சுருட்டையும் சிரித்தான். அவன் காது இரண்டும் சிவந்திருந்ததை சூப்பர்வைசர் பார்த்தார், பார்த்தும் அது வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். மேனேஜர் சிரித்து முடித்து நோட்டில் ஏதோ எழுதினார்.

மதியத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. சுருட்டையை வண்டியிலிருந்து இறக்கி லேபிள் ஒட்டும் மேசைக்கு மாற்றியிருந்தார்கள். சூப்பர்வைசர் ஓடினார்.

“சார், அவனே வந்து சொன்னான் சார். மேல்தட்டு வேலைய அன்னைக்கே மாத்திட்டேன். நாளைக்கு கண்ணாடி வந்துரும்.”

“அத ஏட்டுல எழுதி வச்சீங்களா?”

எழுதவில்லை. மறுநாள் கண்ணாடி வந்தது. வண்டி மட்டும் திரும்ப அவன் கைக்கு வரவில்லை. அதை ஓட்ட வெளியிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

அடுத்த காலைக் கூட்டத்தில் சூப்பர்வைசர் ஹெல்மெட்டைத் தானே மாட்டிக்கொண்டார். சுருட்டையைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. தமாஷ் என்றால் கைவந்த கலை.

“இன்னைக்குப் பெரிய மாடு நான்தான்பா. வாய்ல பூட்டு இல்லாத மாடு. சுருட்ட, வேணும்னா ரெண்டு உதை விடு.”

எல்லாரும் அளவாகச் சிரித்தார்கள். சுருட்டை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டான். “நான் லேபிள் ஒட்டப் போகலாமா சார்?”

நேற்றுவரை அண்ணே. சாயங்காலத்துக்குள் கொட்டகை முழுக்க சார் ஆகிவிட்டது.

ஆனால் சிரிப்பு மட்டும் குறையவில்லை. அதில்தான் அவர் ஏமாந்தார். எதைக் கேட்டாலும் ஒரு தமாஷ் வந்தது.

“என்னக்கா, நேத்து ஏதாச்சும் தப்பு நடந்துச்சா?”

“நடந்துச்சு சார், நான் வேலைக்கு வந்துட்டேன்.”

கொல்லென்று சிரிப்பு. அத்தோடு கலைந்துபோவார்கள். ஒரு மாசம் ஒரு தப்பும் ஏட்டில் ஏறவில்லை. மேலிடத்திலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. அதைச் சுவரில் ஒட்டினார்.

ஐந்தாவது வாரம் கூட்டத்தில் எல்லாரும் எட்டு அடி தள்ளி அரைவட்டமாக நின்றார்கள். “ஏன்பா தள்ளி நிக்கிறீங்க? குளிச்சிட்டுத்தான் வந்தேன்” என்றார். சிரித்தார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

வியாழக்கிழமை பேக்கிங் அக்காவின் மேசை இடம் மாறியிருப்பது கண்ணில் பட்டது.

“மேச ஏன்கா இங்க வந்துச்சு?”

“இங்க வெளிச்சம் நல்லாயிருக்கு சார்.”

வெளிச்சம் பழைய இடத்தில்தான் நன்றாக இருந்தது. அவர் அங்கே போய்க் குனிந்து பார்த்தார். ரேக்கின் முன்கால், முழங்கால் உயரத்தில், உள்ளே மடங்கியிருந்தது. ஃபோர்க்லிஃப்ட்டின் இரும்புக் கரம் இடித்த தடம். யாரோ அதற்கு முன்னால் ஒரு காலி அட்டைப்பெட்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். மடிப்பில் ஏறிய தூசியைப் பார்த்தால் இடித்து நாலைந்து நாளாவது இருக்கும். மேலே நிமிர்ந்தார். மூன்று தட்டு, ஆறு பாலெட், ஒவ்வொன்றும் முக்கால் டன்.

அதன் நேர் கீழேதான் அவர் தினமும் காலையில் நின்று பேசுகிற இடம்.

லேபிள் மேசைக்குப் போனார்.

“சுருட்ட, அந்த ரேக்குக் கால நீ பாத்தியா?”

“பாத்தேன் சார்.”

“என்னைக்கு?”

“ஞாயித்துக்கிழம.”

“நான் தெனமும் அதுக்குக் கீழதான்டா நிக்கிறேன். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

அவன் லேபிளை அழுத்தி, சுருக்கமில்லாமல் ஒட்டினான்.

“கண்ணு தெரியாதவன் சொன்னா நம்புவீங்களா சார்?”

கிண்டலாகச் சொல்லவில்லை. கோபமாகவும் இல்லை. நேரம் கேட்டவனுக்கு நேரம் சொல்கிற மாதிரி சொன்னான்.

யாரும் அடியில் போகாதபடி மறிக்க, சூப்பர்வைசர் ஒரு கயிற்றை எடுத்துவந்து ரேக்குக்கு இந்தப் பக்கம் தூணில் கட்டினார். மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினார். “எல்லாரும் அந்தப் பக்கம் போயிருங்க! ரேக் விழப் போகுது! யாராவது ஒருத்தர் வந்து இந்தக் கயித்தப் பிடிங்கப்பா!”

கூட்டம் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. அடுத்து வரப்போகிற வேடிக்கைக்குக் காத்திருக்கிற முகங்கள்.

“தமாஷ் இல்லப்பா இது,” என்றார். குரல் உடைந்தது.

பின்வரிசையில் யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும்.