பாக்கித் தட்டு

எங்கள் ஆசிரியர் அறையில் அவளுக்குப் பெயர் புயல். மூன்றாம் வகுப்பு, எட்டு வயது, காற்றடித்தால் பறந்துவிடுவாள் போலிருப்பாள். ஆனால் அவள் கத்த ஆரம்பித்தால் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிடும். மேசை கவிழும், பென்சில் டப்பா பறக்கும். அவளுடைய வகுப்பாசிரியை நான். எனக்கும் கோபம் மூக்கின் மேல்தான் இருக்கும், ஆகவே எங்கள் இருவருக்கும் பொருத்தம் பிரமாதம்.

அவளை அடக்க நான் செய்யாதது இல்லை. வெளியே நிற்க வைத்தேன், விளையாட்டு நேரத்தைப் பிடுங்கினேன், அவளுடைய அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அந்த அம்மா ஒரு மருந்துக்கடையில் பகல், இரவு என்று மாறி மாறி வேலை செய்பவர். போன மாதம் வரை, கூப்பிட்டபோதெல்லாம் மூச்சிரைக்க ஓடிவந்து மகளைக் கூட்டிக்கொண்டு போவார்.

பிறகுதான், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே பயிற்சி பெற்ற சிறப்பாசிரியை வந்தார். மெல்லிய குரல், பெரிய பொறுமை. வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கலவரத்துக்கும் மூன்று விஷயம் எழுதினார்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்தோம். எனக்கு உள்ளூர எரிச்சல்தான். கணக்கு வந்தால் ஆடுகிறாள், இதற்கு ஆராய்ச்சி வேறா?

"கணக்கு இல்ல டீச்சர்," என்றார் ஒரு நாள். "படம் வரையும்போதும் நடந்திருக்கு. கதை எழுதும்போதும் நடந்திருக்கு. எல்லாத்துலயும் ஒண்ணு மட்டும் பொது. அவ ஒரு வேலையில பாதியில இருப்பா, நாம மூடி வைங்கன்னு சொல்லுவோம்."

நான் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. தினமும் கண்ணெதிரே நின்ற விஷயம்!

அதை வைத்துத் திட்டம் எழுதினோம். தூண்டுவது எது: முடியாத வேலையை நிறுத்தச் சொல்வது. முன்னறிகுறி: கட்டைவிரலால் மேசை விளிம்பைத் தேய்ப்பாள். நாங்கள் செய்ய வேண்டியது: பாடம் முடியப்போவதை முன்கூட்டியே அவளிடம் சொல்வது. முடியாத வேலையை நீலத் தட்டு ஒன்றில் வைத்து, மேலே ஒரு சீட்டு எழுதுவது. மதிய இடைவேளைக்குப் பின் அதை முடிக்க உறுதியாக நேரம் தருவது. முடிந்ததும் அவளே அந்தச் சீட்டைக் கிழிக்கலாம். மீறிப் போனால் குறைவான பேச்சு, தள்ளி நிற்பது, வேடிக்கை பார்ப்பவர்களை நகர்த்துவது. அடியில் மறுபரிசீலனைத் தேதி.

பிள்ளைகள் அதற்குப் பாக்கித் தட்டு என்று பெயர் வைத்தார்கள். முதல் சில நாள் அவள் அதை நம்பவில்லை, இன்னும் கூடுதலாகவே ஆடினாள். "சொன்னபடி நேரம் குடுக்கறோமான்னு சோதிச்சுப் பாக்கறா. விட்டுடாதீங்க," என்றார் சிறப்பாசிரியை. பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் கொடுத்தேன். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் அவள் தானாக எழுந்து, பாதிப் படத்தைத் தட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன் பிறகு மேசை கவிழவில்லை.

கவிழவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் கவிழ்ந்தது. மறுபரிசீலனைக்கு முந்தின வாரம் நான் காய்ச்சலில் விடுப்பு. எனக்குப் பதிலாக வந்தவருக்குத் திட்டத்தின் நகலை யாரும் கொடுக்கவில்லை. அது அலுவலகக் கோப்பில் பத்திரமாகத் தூங்கியது. அவர் அவள் கைக்குக் கீழே இருந்த தாளைச் சட்டென்று உருவியிருக்கிறார். நாற்காலி ஜன்னலில் போய் மோதியது.

மறுபரிசீலனை தலைமையாசிரியை அறையில் நடந்தது. தலைமையாசிரியை, சிறப்பாசிரியை, நான், மருந்துக்கடைக் கோட்டோடு அம்மா, அவர் பக்கத்தில் புயல். மாணவியின் கருத்தையும் கேட்க வேண்டும் என்பது முறை. மடியில் நீலத் தட்டோடு வந்திருந்தாள், அதில் ஒரு பாதிப் படம் இருந்தது.

"குறைஞ்சிருக்குன்னு புரியுது," என்றார் தலைமையாசிரியை. "ஆனா ஜன்னல் கண்ணாடி உடைஞ்சிருக்கு. யாராவது குழந்தைமேல பட்டிருந்தா? கொஞ்ச நாளைக்கு மதியத்தோட வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"மேடம், அன்னைக்குத் திட்டம் தோக்கல. திட்டத்தை யாரும் நடத்தவே இல்ல," என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. "மதியமே கூட்டிட்டுப் போகணும்னா என் வேலை போயிடும் மேடம். ஏற்கெனவே கடைசி எச்சரிக்கை குடுத்துட்டாங்க. அவ மாறியிருக்கா மேடம். வீட்டுல அவ..."

கதவு தட்டப்பட்டது. அடுத்த கூட்டத்துக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"சரிம்மா, நேரமாச்சு. அரை நாள்னு எழுதிக்கலாம்," என்று தலைமையாசிரியை எழுந்தார்.

நான் புயலைப் பார்த்தேன். கட்டைவிரல் மேசை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இங்கே ஒரு நாற்காலி விழுந்தால் எல்லாம் முடிந்தது. திட்டத்தில் எழுதியபடி வாயை மூடிக்கொண்டு, என் நாற்காலியைப் பின்னால் நகர்த்தி அவளுக்கு இடம் விட்டேன்.

அவள் எழுந்தாள். மேசையில் இருந்த குறிப்புச் சீட்டு ஒன்றை எடுத்தாள். பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதினாள். அதைத் தட்டில் வைத்து, தட்டைத் தலைமையாசிரியை முன்னால் தள்ளினாள்.

நான் எட்டிப் பார்த்தேன். 'அம்மா பேச்சு பாதி' என்று இருந்தது.

நாங்கள் கொடுத்தது படத்துக்கும் கணக்குக்கும் ஒரு தட்டு. இவள் அதில் ஒரு மனுஷியின் பேச்சையே வைத்துவிட்டாள். இது எந்தத் திட்டத்திலும் இல்லை, யாரும் சொல்லித் தரவுமில்லை. சிறப்பாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியை சீட்டைப் படித்தார். பிறகு வாசலுக்குப் போய், "கொஞ்சம் உக்காருங்க, வந்துடறேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா. வீட்டுல அவ?"

அம்மா மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "வீட்டுலயும் ஒரு தட்டு வெச்சிருக்கா மேடம். அவளோடது கொஞ்சம்தான் இருக்கும். மத்ததெல்லாம் நான் பாதியில விட்டது. எனக்கே மறந்துபோனது. 'அம்மா டீ பாதி. ஸ்கூல்லேர்ந்து ஃபோன்.' 'அம்மா தூக்கம் பாதி. ஸ்கூல்லேர்ந்து ஃபோன்.' நான் எப்பவோ புலம்பினதையெல்லாம் அப்படியே எழுதி வெச்சிருக்கா. லீவு நாள்ல ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்து, இதை முடிம்மா, இதை முடிம்மாங்கறா. நேத்து என்னைப் படுக்க வெச்சுப் பக்கத்துலயே காவல் இருந்தா."

அந்த ஃபோன்கள் எல்லாம் நான் போட்டவை. தலை நிமிர்ந்து அந்தப் பிள்ளையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தலைமையாசிரியை சீட்டை இன்னொரு முறை படித்தார். பிறகு பேனாவை எடுத்து, முழு நாள் என்று எழுதினார். பதில் ஆசிரியர் யார் வந்தாலும் முதலில் திட்டத்தைப் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்று அடியில் சேர்த்தார். அடுத்த மறுபரிசீலனைக்குத் தேதி குறித்தார். கடைசியில் தட்டைப் புயலிடம் திரும்பத் தள்ளினார்.

"அம்மா பேசி முடிச்சாச்சா, கண்ணு?"

அவள் அம்மாவின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். அம்மா தலையாட்டினார். புயல் சீட்டை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்து, தன் பாதிப் படத்தை வரைய உட்கார்ந்தாள்.

வெளியே அடுத்த கூட்டத்துக்காரர்கள் காத்திருந்தார்கள். அவள் வரைந்து முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.